மணப்பெண் படத்தில் சிலும்பலும் முன்முடி ஓரமும்: ஹெல்மெட் மாட்டியது போல ஆகாமல் திருத்துவது எப்படி?

பரந்தன் படப்பெட்டி

வணக்கம். பரந்தனில் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண அல்பம் ஒன்று இழுபறியில் நிற்கிறது.

இரணைமடுக் குளக்கட்டில் மாலை வெயிலைப் பின்னால் வைத்து எடுத்த படங்கள். சோளகம் வீசிய நாள் என்பதால் பெண்ணின் தலையைச் சுற்றி முடி பறந்தபடி இருக்கிறது. கொண்டையை இறுக்கி இழுத்துக் கட்டியதில் இடது காதுக்கு மேலே நெற்றியோரம் ஐதாகி, தோலும் வெள்ளையாகத் தெரிகிறது. வீட்டார் இரண்டையும் சரிசெய்து தரச் சொன்னார்கள். வேலை கூடுதலாக இருந்ததால் எடிட்டிங்கை வெளியே ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அனுப்பிய படத்தைக் கண்டதும் பெண்ணின் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "தங்கைக்கு ஏன் ஹெல்மெட் மாட்டிவிட்டிருக்கிறீர்கள்?"

கேட்டதில் பிழையில்லை. ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது. ஐதான இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது.

மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. நானே முதலிலிருந்து செய்யப் போகிறேன். போட்டோஷொப் ஓரளவு தெரியும். பேனா டேப்லெட் இல்லை, மவுஸ் மட்டும்தான். அல்பத்தின் முதல் பக்கத்துக்கு 12×18 அளவில் வரப்போகும் நெருக்கமான படம் இது. எங்கே தொடங்குவது?

மல்லாவித் தம்பி

அண்ணா, இது ஐந்து நிமிட வேலை. லேயரை நகல் எடுத்து Dust & Scratches போடுங்கள். பறக்கும் முடி எல்லாம் கரைந்துவிடும். பிறகு மாஸ்க் வைத்து, தலையைச் சுற்றி மட்டும் அதைத் தெரியவிடுங்கள். ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் கொஞ்சம் Blur. ஐதான இடத்துக்கு மென்மையான கறுப்பு பிரஷை 50 சதவீதத்தில் வைத்து இரண்டு தடவை தடவினால் போதும். நான் சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒட்டுசுட்டான் ஒப்பனை

தம்பி, எந்த ஸ்பிரே பாவித்தீர்கள் என்று சொல்லவில்லையே. ஸ்பிரேயைத் தலைக்கு நேரே அடித்தால் அப்படித்தான் ஓடு போல நிற்கும். பழைய பல் துலக்கும் பிரஷில் ஸ்பிரேயை அடித்து, அந்த பிரஷால் முடி போகும் பக்கமாக மெல்ல வருட வேண்டும். ஐதான இடத்துக்குப் பளபளப்பில்லாத கடும் பழுப்பு ஐ ஷாடோவைச் சிறிய பிரஷால் தோலில் ஒற்றி எடுங்கள். கறுப்பு வேண்டாம். வியர்வையில் அது நீலம் பாய்ந்து காட்டும்.

இன்னொன்று, அன்று காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கவே கூடாது. எண்ணெய் பட்டால் முடி கற்றை கற்றையாகச் சேர்ந்துகொள்ளும், இடையில் தோல் இன்னும் கூடுதலாகத் தெரியும். தாய்மாருக்குச் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார்கள்.

பரந்தன் படப்பெட்டி

அக்கா, கல்யாணம் முடிந்து பெண் புகுந்த வீட்டுக்கும் போய்விட்டார். நான் கேட்டது படத்தில் திருத்துவதைப் பற்றி. ஆனாலும் எண்ணெய் பற்றிச் சொன்னது நல்ல செய்தி. இந்தப் படத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. முடி கற்றையாகப் பிரிந்து நடுவில் தோல் கோடாகத் தெரிகிறது.

ஒட்டுசுட்டான் ஒப்பனை

அட, கணினி வேலையா? சரி, நான் ஒதுங்கி நின்று வாசிக்கிறேன்.

வற்றாப்பளை வெளிச்சம்

நானும் இந்த வேலைதான் பார்க்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்து ஸ்டூடியோக்கள் சிலவற்றுக்கு எடிட்டிங் செய்துகொடுக்கிறேன்.

தொடங்கும் முன்னர், திருப்பி வந்த படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓரத்தை மட்டும் பாருங்கள். மூலத்தில் தலைமுடி எந்த இடத்தில் முடிகிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியாது. அடர்த்தியாக இருப்பது மெல்ல மெல்லக் குறைந்து, சில குட்டை முடிகளாகி, பிறகுதான் வானம் வருகிறது. எடிட் செய்தவர் அந்தக் குட்டை முடிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அடர்த்தியும் வானமும் நேருக்கு நேர் முட்டுகின்றன. ஹெல்மெட் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே எதை விடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணையும் முகத்தையும் குறுக்கே வெட்டும் முடி போகட்டும். தலையை விட்டுத் தூரமாகப் போய் வளைந்து சுருண்டு நிற்கும் நீள முடியும் போகட்டும். தலை வளைவை ஒட்டி, மற்ற முடி போகும் திசையிலேயே எழும்பி நிற்கும் குட்டை முடிகளைத் தொடாதீர்கள். இந்த வகை இருந்தால்தான் அது தலையாகத் தெரியும்.

தம்பி, உங்கள் பின்னணியில் என்ன இருக்கிறது? வானம் மட்டுமா, குளத்தின் அக்கரை மரமும் வருகிறதா?

பரந்தன் படப்பெட்டி

இரண்டும் வருகின்றன. மரங்களின் வரிசை காது மட்டத்தில் போகிறது. அதற்கு மேலே வானம்.

ஒரு விடயம் கவனித்தேன். ஒரே முடி, வானத்துக்கு முன்னால் கறுப்பாகவும் மரத்துக்கு முன்னால் பொன்னிறமாகவும் தெரிகிறது. இதை எப்படித் துடைப்பது?

வற்றாப்பளை வெளிச்சம்

அதைக் கவனித்தது நல்லது. இரண்டுக்கும் வேறு வேறு லேயர் வேண்டும்.

வெற்று லேயர் இரண்டு போடுங்கள். ஒன்றுக்கு வானம், மற்றதற்கு மரம் என்று பெயர் வையுங்கள். வானம் லேயரின் கலப்பு முறையை Lighten ஆக்குங்கள், மரம் லேயருடையதை Darken ஆக்குங்கள். Clone Stamp எடுத்து, மேலே Sample என்ற இடத்தில் Current & Below தெரிவுசெய்யுங்கள். பிரஷ், துடைக்கும் முடியை விடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். விளிம்பு அரைவாசி மென்மை. பக்கத்திலுள்ள வானத்தை மாதிரி எடுத்து முடிமேல் ஓட்டினால், வானத்தை விடக் கறுப்பாக இருப்பது மட்டும் மறையும். மரத்துப் பக்கம் மரத்தை மாதிரி எடுத்து ஓட்டினால், அதைவிட வெளிச்சமாக இருப்பது மட்டும் மறையும்.

வானத்தில் ஒரு சங்கடம் உண்டு. மாலை வானம் மேலே நீலம், கீழே மஞ்சள். மாதிரியைத் தள்ளி எடுத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். முடிக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு மாறுபாட்டை நன்றாக ஏற்றிப் பார்த்தால் கண்ணுக்குப் படாத திட்டெல்லாம் வெளியே வந்துவிடும். பார்த்து முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.

பரந்தன் படப்பெட்டி

செய்து பார்த்தேன். Lighten வைத்தும் முடியோடு சேர்த்து எல்லாவற்றையும் அப்பிவிடுகிறது. வைத்ததற்கும் வைக்காததற்கும் வித்தியாசமே இல்லை.

வற்றாப்பளை வெளிச்சம்

நீங்கள் Lighten வைத்தது Clone Stamp இன் மேலே இருக்கும் Mode பெட்டியில் என்று நினைக்கிறேன். வெற்று லேயரில் அது வேலை செய்யாது. கருவியின் Mode, அந்த லேயரில் ஏற்கெனவே உள்ள நிறத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். அங்கே ஒன்றுமே இல்லாதபோது எதோடு ஒப்பிடுவது? கருவியை Normal இல் விடுங்கள். லேயர் பட்டியலின் தலைப்பில் இருக்கும் பெட்டியில் Lighten வையுங்கள்.

பரந்தன் படப்பெட்டி

ஆம், அதுதான். இப்போது மரத்துப் பக்கம் அழகாக வருகிறது. வானத்துப் பக்கம் ஓரத்தை நெருங்கினால் தலையையும் கடித்துவிடுகிறது.

வற்றாப்பளை வெளிச்சம்

கடிக்கத்தான் செய்யும். மரத்துப் பக்கம் Darken உங்களைக் காப்பாற்றுகிறது. தலைமுடியின் அடர்ந்த பகுதி மரத்தை விடக் கறுப்பு என்பதால் அங்கே பிரஷ் தவறிப் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வானத்துப் பக்கம் தலைமுடி முழுவதுமே வானத்தை விடக் கறுப்பு. பிரஷ் பட்ட இடமெல்லாம் போய்விடும். திருப்பி வந்த படத்திலும் கத்தி வெட்டு வானத்துப் பக்கம்தான் மோசமாக இருக்கும், பாருங்கள்.

அங்கே ஒவ்வொரு முடியையும் நுனியிலிருந்து வேரை நோக்கித் துடைத்து வாருங்கள். தலைக்கு அருகே வந்ததும் Flow அளவைக் குறைத்து, அடி முடியை மங்கலாக விட்டுவிடுங்கள். நடுவில் சட்டென்று நிறுத்தினால் முடி முறிந்து மொட்டையாக நிற்கும், அதுவும் கண்ணில் குத்தும். கூடுதலாகத் துடைத்துவிட்டால் பயமில்லை. அந்த லேயரில் மாஸ்க் போட்டு, 2 பிக்சல் கறுப்பு பிரஷால் முடி போன வழியிலேயே கோடு இழுத்தால் மூல முடி அதே இடத்தில் திரும்பி வரும். நான் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்துவிட்டு, பிறகு நல்ல முடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிடுவேன்.

Healing Brush ஐ ஓரத்தில் பாவிக்காதீர்கள். அது சுற்றியுள்ள நிறத்தைக் கலக்கும். தலையின் கறுப்பு வானத்துக்குள் புகை போல இழுபடும். வெளியே திறந்த வானத்தில் பாவிக்கலாம்.

மல்லாவித் தம்பி

ஒவ்வொரு முடியாக என்றால் ஒரு படத்துக்கே ஒரு நாள் போய்விடும் அண்ணா. அல்பத்தில் எத்தனை படங்கள் இருக்கின்றன? நான் சொன்ன முறையில் என்ன குறை என்று யாரும் சொல்லவில்லையே.

வற்றாப்பளை வெளிச்சம்

உங்கள் முறையை நானும் பாவிக்கிறேன் தம்பி. முழு உருவப் படத்தில், பின்னணி நன்றாக மங்கிப்போயிருந்தால், தலையிலிருந்து தள்ளியிருக்கும் முடிகளுக்கு Dust & Scratches போதும். ஆனால் அது பின்னணியின் பொடிமணியையும் சேர்த்து வழித்துவிடும். பிறகு கொஞ்சம் Noise சேர்க்காவிட்டால் தலையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு வளையம் நிற்கும். நெருக்கமான படத்தில் ஓரத்துக்கு Blur போடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணிமை கூர்மையாக இருக்கையில் அதே தூரத்திலுள்ள முடி மட்டும் மங்கினால், ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

கறுப்பு பிரஷ் விடயத்தில் உங்களோடு உடன்படவே மாட்டேன். அதற்கு வருகிறேன்.

வவுனியா வாசகி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் அதே இடத்தில்தான், இரண்டு காதுக்கும் மேலே நெற்றியோரம், முடி ஐதாகிக்கொண்டு போகிறது. வேலைக்குத் தினமும் இழுத்துக் கொண்டை போடுகிறேன். இதற்கு என்ன எண்ணெய் நல்லது?

ஒட்டுசுட்டான் ஒப்பனை

எண்ணெயைத் தேடாதீர்கள் தங்கச்சி, முதலில் கொண்டையைத் தளர்த்துங்கள். தினமும் இழுபட்டால் அந்த இடத்து வேர்தான் முதலில் தளரும். தொடக்கத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வளரும். வருடக்கணக்கில் இழுத்துத் தோல் வழுவழுப்பாகிவிட்டால் கடினம். தோல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வற்றாப்பளை வெளிச்சம்

இப்போது ஐதான இடம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 12×18 அங்குலம் என்றால் 300 டிபிஐயில் 3600×5400 பிக்சல். உங்கள் படத்தில் நாடியிலிருந்து உச்சந்தலை வரை பாதி உயரம் இருக்கும் என்று வைத்தால் 2700 பிக்சல். நிஜத்தில் அந்த நீளம் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீற்றர். ஒரு தலைமுடியின் தடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, உங்கள் படத்தில் ஒரு முடி என்பது ஒரு பிக்சல். உங்கள் எடிட்டர் 5 பிக்சல் பிரஷால் கோடு இழுத்திருந்தால், அவர் வரைந்தது ஐந்து முடித் தடிப்புள்ள ஒன்றை. முழு உருவப் படத்தில் தலை 600 பிக்சல்தான் வரும். அங்கே ஒரு முடி கால் பிக்சல் கூட இல்லை, வரையவே தேவையில்லை. தோலைக் கொஞ்சம் இருட்டாக்கினாலே போதும். மல்லாவித் தம்பியின் படங்களுக்கு யாரும் குறை சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நெருக்கமான படத்திலும் முதல் வேலை தோலை இருட்டாக்குவதுதான், முடி வரைவது பிறகு. Multiply முறையில் ஒரு லேயர். நிறத்தைப் படத்திலேயே எடுங்கள்: அடர்த்தியான இடத்தில் முடிகளுக்கு இடையே நிழலில் தெரியும் தோலின் நிறம். அது பழுப்பு. மாலை வெயிலில் செம்பழுப்பாகவும் இருக்கும். சுத்தக் கறுப்பு படத்தில் எங்குமே இருக்காது. மென்மையான பிரஷ், Flow 5 முதல் 8 வரை. கற்றைகளுக்கு நடுவில் தெரியும் தோல் கோடுகளின் மேல் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். Multiply என்பதால் ஏற்கெனவே உள்ள முடிகள் அப்படியே மேலே தெரியும். வேலையில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும்.

முன்னோரத்தில், நெற்றிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 40 பிக்சல் அகலத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாதீர்கள். நிஜத்தில் அது மூன்று நான்கு மில்லிமீற்றர். யாருக்கும் அந்த இடத்தில் அடர்த்தி இருக்காது. பூனைமுடி போலக் குட்டையாக, மெல்லியதாக, நிறம் குறைவாக இருக்கும். அதைக் கோடு போட்டு அடைத்தீர்களோ, விக்தான்.

பரந்தன் படப்பெட்டி

முடியை மவுஸால் எப்படி வரைவது? கை நடுங்கிக் கோடு பாம்பு போலப் போகிறது.

வற்றாப்பளை வெளிச்சம்

கையால் இழுக்க வேண்டாம். Pen Tool ஆல் நெற்றியோரத்திலிருந்து பின்பக்கமாக, அங்கேயுள்ள மற்ற முடிகள் வளையும் வளைவிலேயே பாதை போடுங்கள். பிரஷ் 2 பிக்சல். பிரஷ் அமைப்பில் Shape Dynamics திறந்து, Size Jitter இன் கீழே Control பெட்டியில் Pen Pressure தெரிவுசெய்யுங்கள். பிறகு Stroke Path கொடுத்து Simulate Pressure என்பதை அடையாளமிடுங்கள். இரண்டு முனையும் ஊசியாக மெலிந்து வரும். முன் முனை ஓரத்தில் மெல்லியதாகத் தொடங்கும், பின் முனை அடர்த்திக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

படத்திலிருந்து மூன்று நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்: நிழல், நடு, வெயில் பட்ட நிறம். எல்லா முடியும் ஒரே நிறமென்றால் அது தீந்தையாகத்தான் தெரியும். ஒரே இடைவெளியில் வரிசையாகவும் போடாதீர்கள். சில ஒன்றையொன்று வெட்டிப் போகட்டும், ஓரிடத்தில் இரண்டு மூன்று சேரட்டும், பக்கத்தில் வெற்றிடம் இருக்கட்டும். லேயரின் Opacity யை 60 அளவுக்கு இறக்குங்கள். கடைசியில் அந்த லேயருக்கு Add Noise, ஒரு நிறத்தில், 1 அல்லது 2 சதவீதம். 200 சதவீதத்தில் வைத்துப் பார்த்து, பக்கத்து முடியின் பொடிமணியோடு ஒத்துப்போனால் சரி.

மல்லாவித் தம்பி

வலது பக்கத்து நல்ல முடியை வெட்டி எடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டினால் இவ்வளவு பாடு தேவையில்லையே?

வற்றாப்பளை வெளிச்சம்

சில படங்களில் அது மிக நன்றாக வரும், முன்பக்கமிருந்து சமமான வெளிச்சம் இருந்தால். இங்கே வெயில் பின்னால் ஒரு பக்கமாக நிற்கிறது. திருப்பினால் முடியின் மினுக்கமும் திரும்பிவிடும். ஒரே தலையில் இரண்டு சூரியன். திருப்பாமல், அதே இடது பக்கத்தில் இன்னும் பின்னால் இருக்கும் கற்றையை எடுத்து Warp ஆல் வளைத்துப் பாருங்கள். அதன் விளிம்பையும் முடி போகும் வழியில் கோடு கோடாக மாஸ்க் செய்ய வேண்டும், வட்டமாக அல்ல.

கனகராயன் கரை

எல்லாம் வாசித்தேன். நல்ல விளக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணின் முடி அங்கே ஐது. அதுதான் அவர். முப்பது வருடம் கழித்து அவருடைய பிள்ளைகள் பார்க்கப் போகும் படத்தில் இல்லாத முடியை ஏன் நட வேண்டும்? பறக்கும் முடியைத் துடைப்பது வேறு, அது காற்று செய்த வேலை.

வற்றாப்பளை வெளிச்சம்

நியாயமான கேள்வி. நான் வைத்திருக்கும் எல்லை இதுதான்: அன்றைக்கு நேரில் நின்று பார்த்தவருக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவில் நிறுத்துவேன். கமராவுக்கு மேலேயுள்ள ஃபிளாஷ் நேரே அடித்தால் முடிக்கு இடையே புகுந்து தோலை வெளிறச் செய்யும். நேரில் யாரும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள்.

கனகராயன் கரை

அதை யார் அளப்பது? வீட்டார் இன்னும் கொஞ்சம் என்றால் நீங்கள் இன்னும் கொஞ்சம் போடத்தான் செய்வீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒட்டுசுட்டான் ஒப்பனை

தம்பி, நாங்கள் ஐ ஷாடோ ஒற்றுவதும் இல்லாத முடியைக் காட்டத்தானே. அதற்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. பெண் அன்றைக்குத் தன்னை எப்படிப் பார்க்க விரும்பினாள் என்பதும் இருக்கிறது.

அடுத்த முறை குளக்கட்டுக்குப் போகும்போது பெண்ணைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்க வையுங்கள். முடி பின்னால் போகும், முகத்தில் விழாது.

பரந்தன் படப்பெட்டி

முடித்துவிட்டேன். எப்படிப் போனதென்று சொல்கிறேன்.

மரத்துப் பக்கம் சீக்கிரம் முடிந்தது. வானத்துப் பக்கம்தான் நேரம் தின்றது. உச்சிக்கு மேலே வளையமாக எழும்பி நின்ற நீள முடிகளை எடுத்துவிட்டு, வகிட்டை ஒட்டிய குட்டை முடிகளை அப்படியே விட்டேன். வலது பக்கம் ஓரிடத்தில் கூடுதலாகத் துடைத்து வழுக்கலாகிவிட்டது. மாஸ்க்கில் சில முடிகளைத் திருப்பி எடுத்தேன். நெற்றியோரத்தில் Multiply போட்டதும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. முதலில் நிறைய முடி வரைந்து, பிறகு லேயரை அணைத்து அணைத்துப் பார்த்து, ஏறக்குறைய அரைவாசியை அழித்தேன்.

அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இப்போது தங்கைதான்" என்றார். தாய்க்குத்தான் திருப்தி இல்லை. நெற்றியோரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டுமாம். கனகராயன் கரை சொன்னது நடந்துவிட்டது!

இன்னொரு சிக்கல். லேபில் சிறிய மாதிரி அச்சு எடுத்தேன். திரையில் தெரிந்த முடிக் கோடுகள் காகிதத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து, அந்த இடம் மறுபடியும் இருட்டாக நிற்கிறது. திரையில் நன்றாகத்தான் இருந்தது.

வற்றாப்பளை வெளிச்சம்

திரை பின்னாலிருந்து வெளிச்சம் தருகிறது, காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். இருண்ட பகுதியின் நுணுக்கம் அச்சில் முதலில் போகும். மடிக்கணினியின் வெளிச்சம் முழுவதும் ஏற்றி வைத்திருந்தீர்களா? பாதிக்கு இறக்கிப் பாருங்கள், அச்சில் கண்டது திரையிலும் கொஞ்சம் தெரியும். பிறகு Multiply லேயரின் Opacity யை மட்டும் 15 சதவீதம் குறைத்து, முழுப் படத்தையும் அச்சடிக்காமல் அந்த நெற்றியோரத்தை மட்டும் உண்மையான அளவில் வெட்டி, ஒரு சிறிய தாளில் இருட்டைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு மூன்று விதமாக எடுத்துப் பாருங்கள். அந்தத் தாளைத் தாயிடம் கொடுத்துத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். திரையில் காட்டினால் அவர் கறுப்பைத்தான் கேட்பார்.

மல்லாவித் தம்பி

மட் காகிதமா, பளபளப்பா? எங்கள் லேபில் மட்டில் கறுப்பு சாம்பலாகத்தான் வரும், சேராது.

பரந்தன் படப்பெட்டி

மட் காகிதம்தான் தம்பி. அப்படியிருந்தும் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன்.